சிலம்பக் கம்பு ஏன் வெட்டி வெட்டி ஓடுகிறது? 180 டிகிரி ஷட்டர் கோளாறுகள், அறிகுறி வாரியாக

குறும்படம் எடுக்கும் தம்பி ஒருவர் சிலம்பக் காட்சி ஒன்றைக் கொண்டுவந்தார். காலை பதினொரு மணி வெயில், செம்மண் மைதானம், நல்ல ஆட்டக்காரர். ஃபோகஸ் சரி, நிறம் சரி. ஆனால் கம்பு சுற்றத் தொடங்கியதும் படம் குதித்தது. கம்பு சுழல்வதாகத் தெரியவில்லை. இங்கே ஒரு கம்பு, அங்கே ஒரு கம்பு என்று யாரோ ஒட்டி ஒட்டி எடுத்ததுபோல் இருந்தது. “அண்ணே, கேமரா போயிடுச்சா?” என்று கேட்டார். கேமராவுக்கு ஒன்றுமில்லை. ஷட்டர் 1/4000-ல் இருந்தது.

இந்தக் கேள்வி வேறு வேறு வடிவத்தில் வருகிறது. ஒருவருக்கு வெட்டி வெட்டி ஓடும், ஒருவருக்கு முகம் கரைந்து இழுபடும், இன்னொருவருக்குக் கல்யாண மண்டபத்தில் கோடு கோடாக ஓடும். எல்லாவற்றுக்கும் “180 டிகிரி வை” என்று ஒரே பதிலைச் சொல்லிவிடுகிறார்கள். அது பல இடங்களில் சரி, சில இடங்களில் அதுவே கோளாறு. அதனால் விதியை எடுத்த எடுப்பில் சொல்லாமல், படத்தில் என்ன தெரிகிறது என்பதிலிருந்து போவோம்.

முதலில் படத்தை நிறுத்திப் பாருங்கள்

எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன், கோளாறு தெரியும் இடத்தில் படத்தை நிறுத்துங்கள். பிறகு ஒவ்வொரு ஃபிரேமாக முன்னே நகர்த்துங்கள். எடிட்டிங் மென்பொருளில் வலது அம்புக்குறி போதும். அசையும் பொருளில் இரண்டை மட்டும் கவனியுங்கள். ஒரே ஃபிரேமுக்குள் அது எவ்வளவு தூரம் இழுபட்டுத் தெரிகிறது? அடுத்த ஃபிரேமுக்குள் அது எவ்வளவு தூரம் தாவுகிறது?

இழுபட்ட நீளம் தாவிய தூரத்தில் பாதியாக இருந்தால், அதுதான் 180 டிகிரி. இழுவையே இல்லாமல் கம்பு கத்திபோல் கூர்மையாக இருந்தால் ஷட்டர் மிக வேகம். ஒரு ஃபிரேமின் இழுவை முடியும் இடத்தில் அடுத்த ஃபிரேமின் இழுவை தொடங்கினால் ஷட்டர் ஏறத்தாழ முழு நேரமும் திறந்திருக்கிறது. எடுத்தவருக்கு செட்டிங் நினைவில்லாவிட்டாலும் படமே இதைச் சொல்லிவிடும்.

டிகிரி என்ற பெயர் பிலிம் கேமராவிலிருந்து வந்தது. லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே ஒரு தட்டு சுற்றும். தட்டில் வெட்டிய பகுதி வழியாக ஒளி உள்ளே போகும். மூடிய பகுதி மறைக்கும் நேரத்தில் பிலிமை ஒரு ஃபிரேம் கீழே இழுத்து நிறுத்துவார்கள். தட்டில் பாதியை வெட்டிவிட்டால் 180 டிகிரி, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒதுக்கிய நேரத்தில் பாதி நேரம் ஒளி, பாதி நேரம் இருட்டு. இன்றைய கேமராவில் தட்டு கிடையாது. கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

```
ஷட்டர் நேரம் = கோணம் ÷ (360 × fps)
180 ÷ (360 × 25) = 1/50 நொடி
```

இதை அந்தத் தம்பியின் கம்பில் வைத்துப் பார்ப்போம். ஐந்தடிக் கம்பு, நொடிக்கு மூன்று சுற்று. நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் நடுவே கம்பு 43 டிகிரி திரும்பிவிடும். அதன் நுனி ஏறத்தாழ 57 சென்டிமீட்டர் தாண்டியிருக்கும். ஷட்டர் 1/50 என்றால், அதில் பாதியான 28, 29 சென்டிமீட்டர் நீளத்துக்கு நுனி ஒரு விசிறிபோல் படத்தில் பதியும். தம்பி வைத்திருந்த 1/4000-ல் நுனி நகர்ந்தது நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. அது கம்பின் தடிமனைவிடச் சிறியது. ஆகவே ஒவ்வொரு ஃபிரேமிலும் அசையாமல் நிற்கும் கம்பு, அடுத்ததில் இரண்டடி தள்ளி இன்னொரு அசையாத கம்பு. நடுவில் எதுவும் இல்லை. கண் அதை ஒரே கம்பின் ஓட்டமாகச் சேர்க்க மறுக்கிறது, பல கம்புகளாகப் பார்க்கிறது.

பாதி இழுவை ஏன் இயல்பாகத் தெரிகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. முகத்துக்கு நேரே கையை வேகமாக ஆட்டினால் நம் கண்ணுக்கே விரல்கள் கலங்கித்தான் தெரியும். அந்தக் கலங்கல் எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்ற செய்தியைச் சுமந்து வருகிறது. ஃபிரேமில் அந்த இழுவை இருந்தால், விடுபட்ட பாதியை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. இழுவை முழுவதுமாக இருந்தால் இடைவெளி நிரம்பிவிடும், ஆனால் பொருளின் ஓரம் கரைந்துபோகும். பாதி என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைத்த இடம். இது இயற்கை எழுதிவைத்த எண் இல்லை. பிலிமை இழுக்க நேரம் வேண்டுமே என்று இயந்திரம் கொடுத்த எண். அதைத் தலைமுறை தலைமுறையாகத் திரையில் பார்த்துப் பழகிய நமக்கு “சினிமா” என்றாலே அந்த இழுவைதான். 170-க்கும் 190-க்கும் வித்தியாசம் யார் கண்ணிலும் படாது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது உதவும்.

வெயிலில் எடுத்தால் வெட்டி வெட்டி ஓடுகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். காரணமும் எப்போதும் ஒன்றே. ஒளி அதிகம், கேமராவோ போனோ ஆட்டோவில் இருக்கிறது, மிச்ச ஒளியை ஷட்டரை வேகமாக்கித்தான் அது குறைக்கிறது. பெரும்பாலான போன்களில் லென்ஸ் துவாரத்தைச் சுருக்க முடியாது. f/1.8 துவாரம், ஐ.எஸ்.ஓ 50, உச்சி வெயில் என்றால் ஷட்டர் 1/4000 பக்கம் போய் நிற்பது கணக்குப்படி சரிதான். கோணமாகச் சொன்னால் அது இரண்டே கால் டிகிரி.

ஷட்டரை 1/50-க்குக் கொண்டுவந்தவுடன் படம் வெள்ளையாக வெளுத்துவிடும். இங்கேதான் பலர் பயந்து திரும்பிவிடுகிறார்கள். வெளுத்தால் ஷட்டரைத் தொடாதீர்கள், ஒளியை வேறு வழியில் குறையுங்கள். எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதற்கு புகைப்படக்காரர்களின் பழைய கணக்கு ஒன்று உண்டு. தெளிந்த வெயிலில் f/16, ஐ.எஸ்.ஓ 100 என்றால் ஷட்டர் 1/100.

தம்பியின் காட்சிக்கு இதைப் போட்டோம். அவருக்கு ஆட்டக்காரரின் பின்னால் இருக்கும் சுவர் மங்க வேண்டும், அதனால் f/2.8 வேண்டும். f/16-லிருந்து f/2.8-க்கு வர 11, 8, 5.6, 4, 2.8 என்று ஐந்து ஸ்டாப். ஷட்டர் 1/100-லிருந்து 1/50-க்கு வர இன்னும் ஒன்று. மொத்தம் ஆறு ஸ்டாப் ஒளி கூடுதலாக இருக்கிறது. ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்குவது. இரண்டை ஆறு தடவை பெருக்கினால் 64. ஆக அவருக்குத் தேவை, ஒளியை 64-ல் ஒரு பங்காகக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்.டி 64 ஃபில்டர். சில கம்பெனி ஃபில்டரில் இதையே 1.8 என்று அச்சிட்டிருப்பார்கள். அவருடைய கேமராவில், நிறத்தைப் பின்னால் திருத்துவதற்காகப் படத்தை வெளிறிய நிலையில் பதியும் லாக் முறையைப் போட்டால் ஐ.எஸ்.ஓ 800-க்குக் கீழே இறங்காது. அப்போது இன்னும் மூன்று ஸ்டாப் சேர்ந்து ஒன்பது ஆகிவிடும், 64 போதாது. “ஃபில்டர் போட்டும் வெளுக்குது” என்பவர்களில் பலருக்குக் காரணம் இந்த லாக்தான்.

சுற்றிச் சுற்றி அளவை மாற்றும் வேரியபிள் என்.டி கைக்கு வசதி. ஆனால் அகல லென்ஸில் அதை முழு இருட்டுப் பக்கம் திருப்பினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறிபோல் கறுப்பு விழும். அது தெரிந்தால் ஃபில்டரைக் கொஞ்சம் பின்னால் திருப்பிவிட்டு, மிச்சத்தை லென்ஸ் துவாரத்தில் குறையுங்கள். ஃபில்டரே இல்லையென்றால் f/22 வரை மூடி எடுக்கலாம், ஒளிக்கணக்கு சரியாகிவிடும். ஆனால் படம் மொத்தமும் லேசாக மழுங்கும், சென்சாரில் இருக்கும் தூசியெல்லாம் வானத்தில் புள்ளியாகத் தெரியும். நானாக இருந்தால் மாலை நாலரைக்குப் பிறகு மரநிழலில் எடுப்பேன்.

போனில் எடுப்பவர்கள், ஷட்டரைக் கையால் நிறுத்தவிடும் கேமரா ஆப் ஒன்றைப் போட்டு, லென்ஸ் மேல் மாட்டும் சிறிய என்.டி ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை.

ஏற்கெனவே எடுத்துவிட்டதை என்ன செய்வது? ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் `Pixel Motion Blur` என்று ஒரு எஃபெக்ட் இருக்கிறது. டாவின்சி ரிசால்வின் காசு கட்டும் பதிப்பிலும் `Motion Blur` உண்டு. இரண்டும் பக்கத்து ஃபிரேம்களை ஒப்பிட்டு, எது எங்கே நகர்ந்தது என்று ஊகித்து இழுவையைப் போடுகின்றன. நடந்து வருகிறவர், ஓடும் பேருந்து, அசையும் மரக்கிளை என்றால் நன்றாகவே வரும். சிலம்பத்தில் தோற்றுவிடும். கம்பு ஒரே தாவலில் 43 டிகிரி போய்விடுவதால் இந்த ஃபிரேமின் கம்பும் அந்த ஃபிரேமின் கம்பும் ஒன்றுதான் என்று மென்பொருளால் கண்டுபிடிக்க முடியாது. கம்பைச் சுற்றியுள்ள சுவரும் ஆளின் தோளும் கொழகொழவென்று வளையும். தம்பியின் காட்சியில் அதைத்தான் பார்த்தோம். திரும்ப எடுப்பது தவிர வழியில்லை என்று முடிவானது.

கோடு கோடாக ஓடுகிறது, விளக்கு துடிக்கிறது

வெட்டி ஓடுவதற்கு அடுத்தபடி மண்டபம், கோயில் பந்தல், கடை உள்பகுதியில் எடுத்த காட்சிகளில் வரும் சிக்கல். படத்தின் மேலிருந்து கீழாகவோ கீழிருந்து மேலாகவோ மங்கலான பட்டைகள் நகரும். அல்லது மொத்தப் படமும் லேசாக மின்னும். இது அசைவுக் கோளாறு இல்லை. ஆனால் 180 டிகிரியை அப்படியே பிடித்துக்கொண்டதால் வருவது.

நம் ஊரிலும் இலங்கையிலும் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் விளக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும், ஆக நொடிக்கு 100 துடிப்பு. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் முழுத் துடிப்புகள் அடங்கினால் எல்லா ஃபிரேமுக்கும் ஒரே அளவு ஒளி கிடைக்கும். 1/50-ல் இரண்டு முழுத் துடிப்பு, 1/100-ல் ஒன்று. 1/60-ல் ஒரு முழுத் துடிப்பும் அடுத்ததில் மூன்றில் இரண்டு பங்கும் அடங்கும். ஒரு ஃபிரேம் பிரகாசமான பகுதியைப் பிடிக்கும், அடுத்தது மங்கிய பகுதியைப் பிடிக்கும். சென்சார் வரிவரியாகப் படிப்பதால் இந்த வித்தியாசம் ஒரே ஃபிரேமுக்குள்ளேயே பட்டைகளாக விழுகிறது.

இந்த 1/60 எங்கிருந்து வருகிறது? “30 ஃபிரேம் வை, இரண்டால் பெருக்கு, 1/60” என்று சொல்லும் பாடங்கள் பல அமெரிக்காவில் எடுத்தவை. அங்கே மின்சாரம் 60 சுழற்சி, 1/60 அவர்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். இங்கே பொருந்தாது. டொரன்டோவிலோ நியூஜெர்சியிலோ இருந்து படிப்பவர்கள் நான் சொல்வதைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 1/60 பாதுகாப்பானது, 1/50 பட்டை போடும்.

ஆகவே நம் ஊர் விளக்கில் விதியை மீறுங்கள். 30 ஃபிரேமில் எடுத்தாக வேண்டும் என்றால் 1/50 வையுங்கள், கோணம் 216 ஆகும். இழுவை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். 24 ஃபிரேமிலும் 1/48 தேட வேண்டாம், 1/50 போதும். அது 172.8 டிகிரி. சினிமா கேமராக்களின் மெனுவிலேயே 172.8 என்று தனியாக ஓர் எண் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது 50 சுழற்சி மின்சார நாடுகளுக்காக வைத்தது. ஏழு டிகிரி குறைந்ததை எந்தக் கண்ணும் கண்டுபிடிக்காது. இதெல்லாம் வேண்டாம் என்றால் 25 ஃபிரேமில் எடுங்கள். அங்கே 180 டிகிரியும் 1/50-ம் ஒன்றாகவே வந்துவிடுகின்றன. நம் ஊரில் எடுத்து நம் ஊரில் காட்டும் எதற்கும் நான் 25-ஐத்தான் சொல்வேன்.

1/100 வைத்தும் பந்தல் சீரியல் பல்பு மட்டும் துடித்தால் குழம்ப வேண்டாம். மலிவான சீரியல் செட்டுகளில் மின்சுழற்சியின் ஒரு பாதியில் மட்டும் எல்.இ.டி எரியும், மறுபாதியில் அணைந்திருக்கும். அவற்றின் துடிப்பு நொடிக்கு 50. 1/50-க்கு இறங்கினால் அதுவும் அடங்கிவிடும். மேடைக்குப் பின்னால் இருக்கும் பெரிய எல்.இ.டி திரையும், டிம்மர் வைத்த மலிவு விளக்குகளும் வேறு சாதி. அவற்றின் துடிப்புக்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தமில்லை. ஷட்டரை 1/50.3, 1/50.6 என்று நுணுக்கமாக நகர்த்தவிடும் வசதி கேமராவில் இருந்தால், திரையைப் பார்த்துக்கொண்டே பட்டை நிற்கும் வரை நகர்த்துங்கள். இல்லாவிட்டால் விளக்கின் டிம்மரை முழுப் பிரகாசத்துக்கு ஏற்றிப் பாருங்கள், பல விளக்குகள் அங்கே துடிப்பதை நிறுத்திவிடும்.

ட்யூப்லைட்டுக்கு அடியில் 120 ஃபிரேம் ஸ்லோமோஷன் எடுப்பதற்கு ஒரு வழியும் இல்லை. ஒரு ஃபிரேமின் மொத்த நேரமே 1/120 நொடி, அதற்குள் ஒரு முழுத் துடிப்பு அடங்காது. 100 ஃபிரேமில் 1/100 வைத்தால், அதாவது ஷட்டரை 360 டிகிரி திறந்துவிட்டால், அடங்கும்.

மண்டபத்தில் எடுத்தது ஸ்லோமோஷனில் அருமை, சாதாரண வேகத்தில் கரடுமுரடு

எனக்கு அதிகம் வருத்தம் தரும் கோளாறு இது. எடுத்தவர் விதியை அச்சுப் பிசகாமல் பின்பற்றியிருப்பார். தாலி கட்டும் நேரம் ஸ்லோமோஷனுக்கு வேண்டுமே என்று காலையிலிருந்து கேமராவை நொடிக்கு 50 ஃபிரேம் எடுக்கும் `50p`-யில் போட்டு, ஷட்டர் 1/100. 180 டிகிரி, குறை சொல்ல இடமில்லை. எடிட்டர் 25 ஃபிரேம் டைம்லைனில் போடுகிறார். பாதி வேகமாக்கினால் பட்டுபோல் ஓடுகிறது. சாதாரண வேகத்தில் வைத்தால் நாதஸ்வரக்காரரின் விரலும், குழந்தைகள் ஓடுவதும், அட்சதை தூவுவதும் நறுக்நறுக்கென்று இருக்கின்றன.

சாதாரண வேகத்தில் 25 ஃபிரேமுக்கு இறக்கும்போது மென்பொருள் ஒன்றுவிட்டு ஒரு ஃபிரேமைத் தூக்கிப் போடுகிறது. மிஞ்சிய ஒவ்வொரு ஃபிரேமின் இழுவை 1/100 நொடிக்கு உரியது. ஆனால் தாவும் தூரம் இரண்டு மடங்காகிவிட்டது. ஆக 180 டிகிரியில் எடுத்தது 90 டிகிரியாக ஓடுகிறது. கோணம் என்பது எடுக்கும் வேகத்தை வைத்துப் பார்ப்பதல்ல, கடைசியில் ஓடப்போகும் வேகத்தை வைத்துப் பார்ப்பது. பாடங்களில் அதிகம் விடுபடுவது இந்த ஒரு வரிதான்.

இதே சிக்கலைப் பெரிய அளவில் சந்தித்தவர்கள் 2012-ல் வந்த ‘தி ஹாபிட்’ முதல் படத்தின் குழுவினர். நொடிக்கு 48 ஃபிரேமில் எடுத்தார்கள், ஆனால் பெரும்பாலான அரங்குகளில் அது 24-ஆகவும் ஓடியாக வேண்டும். 48-க்கு 180 டிகிரி வைத்திருந்தால் 24-ல் வெறும் 90 ஆகியிருக்கும். அதனால் ஷட்டரை 270 டிகிரிக்குத் திறந்தார்கள், அதாவது 1/64 நொடி. 24 ஃபிரேம் பிரதியில் அது 135 டிகிரியாக வந்தது. இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுத்த ஏற்பாடு.

மண்டபத்தில் நமக்கு 1/64 உதவாது, விளக்கு துடிக்கும். `50p`-யில் 1/50 வையுங்கள். அது 360 டிகிரி, விதிப்படி தப்பு. சாதாரண வேகத்துக்கு இறக்கும்போது கச்சிதமாக 180 ஆகிவிடும். ஸ்லோமோஷனில் ஓரங்கள் கொஞ்சம் மென்மையாக இருக்கும், சேலையும் பூவும் அசையும் காட்சிக்கு அது கெடுதல் இல்லை. ஒரு ஸ்டாப் ஒளியும் கூடக் கிடைக்கிறது. ஸ்லோமோஷன் எந்த நிமிடங்களில் வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால் இன்னும் நல்லது. அந்த நிமிடங்களுக்கு மட்டும் `50p`, 1/100. மற்ற நேரமெல்லாம் `25p`, 1/50.

இரவில் முகம் கரைகிறது

நிறுத்திப் பார்த்தால் இழுவை ஃபிரேமுக்கு ஃபிரேம் தொட்டுக்கொண்டு நிற்கும். ஒளி போதவில்லை என்று கேமரா தானாக 1/25-க்கோ அதற்கும் கீழேயோ இறங்கியிருக்கும். ஷட்டரை 1/50-ல் பூட்டிவிட்டு ஐ.எஸ்.ஓவை ஒரு படி ஏற்றுங்கள். புள்ளி புள்ளியாக வரும் நாய்ஸை எடிட்டிங்கில் ஓரளவு துடைக்கலாம். இழுபட்ட கண்ணையும் வாயையும் திரும்பக் கூட்டிவர முடியாது.

ஆனால் ஆளே இல்லாத இரவுக் காட்சி என்றால் 1/25-ஐ வேண்டுமென்றே வைக்கலாம். தெப்பக்குளத்தில் விளக்குகள், தூரத்தில் கோபுரம், கேமரா ஸ்டாண்டில் அசையாமல் நிற்கிறது. இழுபட எதுவும் இல்லாதபோது கோணத்தைக் காப்பாற்றி என்ன பயன்? நான்கு முழுத் துடிப்பு அடங்குவதால் விளக்கும் துடிக்காது.

ஷட்டர் சரி, ஆனாலும் கேமராவைத் திருப்பினால் அதிர்கிறது

இதற்கு ஷட்டரைக் குற்றம் சொல்லாதீர்கள். 24, 25 ஃபிரேமில் வேகமாகப் பான் செய்தால் எந்தக் கோணத்திலும் அதிரும். ஒரு தூண் திரையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போக ஏழு நொடியாவது ஆக வேண்டும் என்பது ஒளிப்பதிவாளர்கள் கையாளும் அளவு. 1920 பிக்ஸல் அகலத்தில் அது ஃபிரேமுக்கு 11 பிக்ஸல் நகர்வு. இரண்டு நொடியில் திருப்பினால் 38 பிக்ஸல். அந்தத் தாவலை 19 பிக்ஸல் இழுவை மறைக்காது. வேகமாகத் திருப்பியே ஆக வேண்டும் என்றால் ஓர் ஆளைப் பின்தொடர்ந்து திருப்புங்கள். கண் அவரைப் பிடித்துக்கொள்ளும், பின்னால் தூண்கள் அதிர்வதைக் கவனிக்காது.

அதிர்வு ஒழுங்காக, தாளம் தவறாமல் நொடிக்கு ஐந்து தடவை உதறினால் அது பானும் இல்லை. 30 ஃபிரேமில் எடுத்ததை 25 டைம்லைனில் போட்டிருக்கிறீர்கள். ஆறு ஃபிரேமுக்கு ஒன்று காணாமல் போகிறது. டைம்லைனை 30-க்கு மாற்றுங்கள்.

கேமரா குலுக்கலை மென்பொருளில் நிறுத்திய பிறகு ஒவ்வொரு காலடிக்கும் படம் மங்குகிறது

கையில் பிடித்து நடந்துகொண்டே எடுத்து, பிறகு மென்பொருளில் ஸ்டெபிலைஸ் செய்தவர்களுக்கு வரும் கோளாறு. மென்பொருள் படத்தை நிலையாக நிறுத்திவிடும். ஆனால் கால் தரையில் மோதிய நேரத்தில் கேமரா குலுங்கியதால் பதிந்த இழுவை அப்படியே இருக்கும். நிலையான படம் அடிக்கு ஒரு தடவை மங்கித் தெளியும், மூச்சு விடுவதுபோல. இங்கே 180 டிகிரிதான் எதிரி. பின்னால் ஸ்டெபிலைஸ் செய்யப்போகிறோம் என்று தெரிந்தால் பகலில் 1/200, 1/400 என்று வேகமாக வைத்து, அகல லென்ஸில் எடுங்கள். இழுவை வேண்டுமென்றால், நிலையாக்கிய பிறகு மென்பொருளில் போடுங்கள். நடக்கும் வேகத்துக்கு அது நன்றாக ஊகிக்கும். பச்சைத் திரைக்கு முன்னால் எடுப்பவர்களும் இதே காரணத்துக்காகக் கோணத்தைக் குறைப்பார்கள். இழுபட்ட விரலுக்குள் பச்சை கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

வெட்டி ஓட வேண்டும் என்றே எடுப்பது

1998-ல் வந்த ‘சேவிங் பிரைவேட் ரயன்’ படத்தின் கடற்கரைப் போர்க் காட்சியில் ஒளிப்பதிவாளர் யானுஷ் கமின்ஸ்கி 45, 90 டிகிரி ஷட்டர்களைப் பயன்படுத்தினார். குண்டு வெடித்துத் தெறிக்கும் மணல் மேகம்போல் கலங்காமல் துணுக்குத் துணுக்காகத் தெரிகிறது. ஓடும் வீரர்களின் அசைவு நறுக்குநறுக்காக, பதற்றமாக இருக்கிறது.

தம்பியின் சிலம்பக் காட்சியை மறுவாரம் அதே மைதானத்தில், அதே பதினொரு மணி வெயிலில் என்.டி 64 மாட்டித் திரும்ப எடுத்தோம். தனியாக ஆடும் பகுதி முழுக்க 1/50. நிறுத்திப் பார்த்தபோது கம்பு ஒரு விசிறியாக இருந்தது. விசிறியின் அகலமும் அடுத்த விசிறிவரை உள்ள வெற்றிடமும் ஒரே அளவு. ஓடவிட்டால் சுழற்சி.

இருவர் மோதும் பகுதிக்கு மட்டும் கோணத்தைக் குறைத்தோம். முதலில் 45 டிகிரி, 1/200. செம்மண் தூள் அருமையாகத் தெறித்தது, ஆனால் கம்பு மறுபடியும் பழையபடி ஒட்டி வைத்த குச்சிகளாகிவிட்டது. 43 டிகிரி தாவலுக்கு ஐந்தரை டிகிரி இழுவை போதவில்லை. 90 டிகிரிக்கு, அதாவது 1/100-க்கு வந்தோம். இழுவை 11 டிகிரி. கம்போடு கம்பு மோதும் இடம் தெளிவாகத் தெரிந்தது, ஓட்டமும் அறுபடவில்லை. ஷட்டர் ஒரு ஸ்டாப் வேகமானதற்கு ஈடாக லென்ஸை f/2-க்குத் திறந்துகொண்டோம். அந்த மோதல் திரையில் பதினோரு நொடி ஓடுகிறது. அது முடிந்து ஆட்டக்காரர் கம்பை ஊன்றி நிற்கும் ஷாட்டிலிருந்து மறுபடி 1/50.